காப்பீடு கேள்வி-பதில்: மூன்று வாரப் பாலிசியும் மறைத்த சர்க்கரையும்

முதல் முறையாக மருத்துவ பாலிசி எடுத்தவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். நேராகக் கேள்விகளுக்குப் போகலாம்.

பாலிசி நாற்பது பக்கம், அத்தனையும் ஆங்கிலம். தமிழில் தருவார்களா? - வாசகி, காட்பாடி

நாற்பது பக்கமும் தமிழில் வரும் என்று காத்திருக்காதீர்கள். பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று சில பக்கம் வந்திருக்கும். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், புகாரை எங்கே கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தமிழில் கேட்டால் கம்பெனி தந்தாக வேண்டும். வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

பாலிசி எடுத்த 26ஆம் நாள் மகனுக்கு டெங்கு. பணம் வருமா? - வாசகர், சத்துவாச்சாரி

வராது. முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டும்தான் பணம். பாலிசி விடாமல் தொடர்ந்தால் அடுத்த வருடம் இந்த 30 நாள் கிடையாது.

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. விண்ணப்பம் நிரப்பும்போது ஏஜென்ட் ‘அதெல்லாம் எழுதினால் பிரீமியம் ஏறும், விடுங்கண்ணா’ என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். பாலிசி வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது பயமாக இருக்கிறது. - வாசகர், குடியாத்தம்

பயம் நியாயமானது, ஆனால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. மாதா மாதம் எனக்கு இந்தக் கடிதம்தான் வருகிறது, பெரும்பாலும் கிளைம் மறுக்கப்பட்ட பிறகு.

முதலில் விதி. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் கண்டுபிடித்த நோயும், அந்தக் காலத்தில் மருந்து சாப்பிட்ட நோயும் ‘முன்பே இருந்த நோய்’. பாலிசியில் Excl01 என்ற குறியீட்டின் கீழ் இருக்கும். அதற்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். அதாவது சர்க்கரையை உண்மையாக எழுதியிருந்தால், சர்க்கரையால் வரும் செலவுக்கு மட்டும்தான் மூன்று வருடம் பொறுக்க வேண்டியிருந்திருக்கும். நாளைக்கே வண்டியில் விழுந்து கால் உடைந்தால் அதற்குப் பணம் கிடைத்திருக்கும். மறைத்ததால் மொத்த பாலிசியையே ரத்து செய்யும் வாய்ப்பைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிரீமியத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய்!

‘அவர்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். அட்மிட் ஆன அன்றே ஜூனியர் டாக்டர் கேட்பார்: சர்க்கரை உண்டா, எத்தனை வருடமாக? நீங்கள் உண்மையைத்தான் சொல்வீர்கள், சொல்லவும் வேண்டும். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் பத்தியிலேயே ஏறிவிடும். கம்பெனியில் கிளைம் பார்ப்பவர் அந்த வருடக்கணக்கையும் பாலிசித் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வேலை முடிந்தது.

இன்னொன்று. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்து தமிழில் கையெழுத்துப் போடுபவர்களுக்காகவே அதன் கடைசியில் ஓர் உறுதிமொழி உண்டு. ‘இதிலுள்ளதை இவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கினேன், புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்’ என்று விளக்கியவர் கையெழுத்திட வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் என்னிடம் வந்த விண்ணப்ப நகல்களில் அந்தக் கையெழுத்து இருக்கும், விளக்கம் நடந்திருக்காது. தறிக்காரர், பீடி சுற்றுபவர், தோல் பட்டறைக்காரர் என்று கஷ்டப்பட்டுப் பணம் கட்டுகிறவர்களிடம் இதைச் செய்கிறார்கள். கமிஷன் வாங்கியவர் கிளைம் சமயத்தில் போனை எடுப்பதில்லை. கம்பெனியோ ‘கையெழுத்து உங்களுடையது’ என்கிறது. அது உண்மையும்கூட. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்: காலியான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பாலிசியோடு வந்த விண்ணப்ப நகலை எடுத்து எங்கெல்லாம் ‘இல்லை’ என்று இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை எந்த வருடம் தெரிந்தது, என்ன மாத்திரை என்று எழுதி, திருத்தச் சொல்லி மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கம்பெனி பிரீமியத்தை ஏற்றலாம், காத்திருப்பு போடலாம், பாலிசியே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கேட்பதைவிட அதை இப்போதே கேட்பது நல்லது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் நீங்களே திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. ‘ஐந்து வருடம் தாண்டிவிட்டால் கேட்கமாட்டார்கள்’ என்று ஏஜென்ட் சொல்வார். 60 மாதம் விடாமல் கட்டியபின் மறைத்ததைக் காரணம் காட்ட முடியாது என்பது விதிதான். ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதோடு நோய் அறுபது மாதம் பொறுத்து வருமா?

மூன்று லட்சம் பாலிசி. பில் ஒன்றரை லட்சம்தான். ஆனால் 98 ஆயிரம்தான் வந்தது. ஏமாற்றுகிறார்களா? - வாசகர், ஆற்காடு

இல்லை. நீங்கள் அனுப்பிய பில்லையே பார்ப்போம். உங்கள் பாலிசியில் ரூம் வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்திருக்கிறீர்கள். வாடகை 24 ஆயிரத்தில் 12 ஆயிரம்தான் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதது அடுத்தது. பாதி வாடகைக்குத்தான் தகுதி என்றால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் ஆகியவற்றுக்கும் பாதிதான் தருவார்கள். அந்த 80 ஆயிரம் 40 ஆயிரமானது இப்படித்தான். மருந்துக்கும் டெஸ்டுக்கும் இந்த வெட்டு கிடையாது. அந்த 46 ஆயிரம் முழுதாக வந்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 98 ஆயிரம். மருந்துக்கோ டெஸ்டுக்கோ இதே விகிதத்தில் வெட்டியிருந்தால் சண்டை போடலாம். உங்களுக்கு அப்படி வெட்டவில்லை. அட்மிஷன் கவுன்டரில் ‘ஏசி ரூம் போடவா?’ என்று கேட்கும்போதே பாலிசியின் வாடகை வரம்பைச் சொல்லிவிடுங்கள்.

கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள். கிளைம் போச்சா? - வாசகி, பாகாயம்

போகவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, விவரப் பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு மருந்து பில், டெஸ்ட் ரிப்போர்ட், ரத்து செய்த காசோலை ஆகியவை வேண்டும். அசலைக் கொடுத்து நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் போட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள், பெரும்பாலும் 15 அல்லது 30 நாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் சம்மரியைப் படியுங்கள். நோய் எத்தனை நாளாக என்பது தவறாக இருந்தால் டாக்டரிடம் அப்போதே திருத்தி வாங்குங்கள்.

நெஞ்சுவலி என்று ஒரு நாள் அட்மிட் செய்து எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். கிளைமும் இல்லை என்கிறார்கள்! - வாசகர், வாலாஜா

Excl04ஐக் காட்டியிருப்பார்கள்: டெஸ்ட் எடுப்பதற்காகவே அட்மிட் ஆனால் பணம் இல்லை. ஆனால் நீங்கள் வலியோடு எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறீர்கள். படுக்க வைத்தது ஏன் அவசியம், என்ன மருந்து கொடுத்தோம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். மறுபடி மறுத்தாலும், 30 நாளில் பதிலே இல்லாவிட்டாலும், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மனிடம், சென்னை அண்ணா சாலைக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

என் கிளைம் கிடைக்குமா? - வாசகர் (ஊர் எழுதவில்லை)

எந்தக் கம்பெனி, என்ன பாலிசி, என்ன நோய்? எதுவுமே எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மறுப்புக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

வருட பிரீமியம் கட்டும் தேதி தாண்டி 12 நாள் ஆகிவிட்டது. - வாசகி, ஆம்பூர்

இன்றே கட்டுங்கள். 30 நாள் சலுகை உண்டு, அதற்குள் கட்டினால் இதுவரை கழித்த காத்திருப்பு வீணாகாது. ஆனால் வருடத்துக்கு ஒரே தவணையாகக் கட்டும் பாலிசியில், கட்டாத இந்த 12 நாளில் வந்த செலவுக்குப் பணம் கிடையாது.