கேப்சூல் சைவமா? சுங்கை சிப்புட் சைவக் குடும்பங்களின் கேள்விகள்

ஊர் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கும் அக்கா பதில் சொல்கிறார்.

பெட்டியில் ஹலால் முத்திரை இருந்தால் போதும்தானே அக்கா? பன்றி இருக்காதே.

பன்றி இருக்காது என்பது சரி. ஆனால் நமக்குப் பன்றி மட்டும் பிரச்சினை இல்லையே. சாதாரண கேப்சூலின் உறை ஜெலட்டின். மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுப்பது. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டினுடையது. ஆக, முஸ்லிம் நண்பருக்கு நிம்மதி தரும் அதே பெட்டி, மாட்டிறைச்சி தொடாத நம் வீட்டுக்குச் சரிப்படாமல் போகலாம். முத்திரையைப் பார்த்ததோடு நிறுத்தாமல், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பதிவு செய்த மருந்துகளுக்கு MAL என்று தொடங்கும் எண் இருக்கும். அவற்றில் விலங்கிலிருந்து வந்த பொருளின் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். 'போவைன்' அல்லது 'லெம்பு' என்றால் மாடு, 'போர்சைன்' என்றால் பன்றி. 'ஹைப்ரோமெல்லோஸ்' அல்லது 'எச்.பி.எம்.சி.' என்றால் மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ், அது தாவரம். 'புல்லுலான்' என்றாலும் கவலை இல்லை, மாவுச்சத்தைப் புளிக்கவைத்துச் செய்வது.

பாசி எண்ணெய் ஒமேகா வாங்கினேன். மீன் எண்ணெய் இல்லை என்று முன்பக்கமே பெரிதாகப் போட்டிருக்கிறது. இதைச் சாப்பிடலாமா?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் சொல்வது உள்ளே இருக்கும் எண்ணெயைப் பற்றி மட்டும்தான், அது உண்மையும்கூட. ஆனால் பின்பக்கத்தில் உறைக்குத் தனி வரி இருக்கிறது பாருங்கள்: ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர். மெத்தென்று பளபளக்கும் எண்ணெய்க் கேப்சூல்களில் பெரும்பாலானவை இப்படித்தான். எண்ணெய் பாசி, உறை விலங்கு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறையில் மாற்றிய மாவுச்சத்தும் கராஜீனனும் போட்டதைக் கேளுங்கள். கராஜீனன் கடற்பாசிப் பொருள். அதில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரியும் என்கிறார் என் மாமா. கரைந்தால் தாவரம், கரையாவிட்டால் மாடு.

மாமா சொல்வது பாதி சரி. நம் ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், சுடுதண்ணீரில் போட்டால் ஜெலட்டினும் நன்றாகவே கரையும். குளிர்ப்பெட்டித் தண்ணீரில்தான் வித்தியாசம் தெரியும்: ஜெலட்டின் ஊதி மிருதுவாகிக் கிடக்கும். ஆனால் செல்லுலோஸ் உறையில் சேர்க்கும் துணைப்பொருளைப் பொறுத்து அதுவும் தாமதிக்கலாம், அதனால் இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டு வெறும் உறையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், ஜெலட்டின் முடி கருகும் நாற்றம் அடிக்கும், செல்லுலோஸ் காகிதம் எரிவதுபோல் இருக்கும். எந்த விலங்கு என்று மட்டும் இதில் தெரியாது. எழுத்தைப் படிப்பதே மேல்.

அம்மாவுக்கு அரசாங்க கிளினிக்கில் நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் கேப்சூல் கொடுத்தார்கள். அவர் கந்த சஷ்டி விரதம் இருப்பவர். உறையைப் பிரித்துப் பொடியை மட்டும் கொடுக்கலாமா?

தம்பி, உள்ளே இருப்பது பொடி இல்லை, சின்னச் சின்ன மணிகள். வயிற்று அமிலத்தில் மருந்து கெட்டுப்போகாதபடி ஒவ்வொரு மணிக்கும் பூச்சு உண்டு. அதை மென்றாலோ அம்மியில் நுணுக்கினாலோ பூச்சு உடைந்து மருந்து வீணாகும். சில தயாரிப்புகளில் மணிகளை உடைக்காமல் கொஞ்சம் மிருதுவான உணவில் கலந்து உடனே விழுங்கலாம், ஆனால் அதை மருந்தாளுநர் சொன்னால்தான். பூச்சிலும் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். "நாங்கள் சைவம், இதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா?" என்று மருந்து வாங்கும் இடத்திலேயே கேட்பதுதான் முதல் வேலை. பல மருந்துகள் மாத்திரையாகவோ சிரப்பாகவோ உண்டு. பதில் வரும்வரை அம்மா மருந்தை நிறுத்த வேண்டாம்.

நாங்கள் மாத்திரைதான் சாப்பிடுகிறோம், கேப்சூல் இல்லை. அப்புறம் எங்களுக்கு என்ன கவலை?

உறைக் கவலை இல்லை, அவ்வளவுதான். பால் சர்க்கரையான லாக்டோஸ் நிறைய மாத்திரையில் உண்டு. பால் சாப்பிடுபவர்களுக்கு அது சரி. மாத்திரை ஒட்டாமல் வரச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டியரேட்டைப் பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தயாரிப்பாளரிடம் கேட்டால்தான் உண்டு. சிவப்பு நிறத்துக்குக் கார்மைன் இருந்தால் அது பூச்சியிலிருந்து வருவது, வேண்டாம்.

வைட்டமின் டி3, தாவர உறை என்று பெட்டியில் இருக்கிறது. முழுச் சைவம்தானே?

உறை சைவம். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்து எண்ணெயிலிருந்து வருவது. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் 'லைக்கன்' என்று போட்டிருந்தால் சைவ வகை. இல்லையென்றால் டி2 கேளுங்கள், அதை ஈஸ்ட் அல்லது காளானிலிருந்து எடுப்பார்கள்.

ஆட்டைக் கொல்லாமல்தானே ரோமத்தை எடுக்கிறார்கள்? நான் பால் குடிக்கிறேன், இதையும் சாப்பிடுவேன்.

அப்படி முடிவெடுத்தவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். வேண்டாம் என்று டி2 கேட்பவர்களும் வருகிறார்கள். உங்கள் வீட்டுச் சைவம் எதுவரை என்பதை நான் சொல்ல முடியாது. டி2 வாங்குவதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடலில் அளவைத் தக்கவைப்பதில் டி3தான் கொஞ்சம் மேல்.