அண்ணாச்சியின் நாடிக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, உங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் இதயக் கோளாறைத் தானே நாடி பார்த்துக் கண்டுபிடிச்சார்னு சொன்னீங்க. தாலுகா ஆபீஸ் கிளார்க்தானே அவர்? எப்படிக் கத்துக்கிட்டார்?

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஈசிஜி டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவர் அறுபதில் ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை கிடையாது. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, "தங்கச்சி, பேரேடு எழுதாம கை அரிக்குது, ஏதாவது கணக்கு குடு" என்றார். நாடிக் கணக்கைக் கொடுத்தேன்.

இடது உள்ளங்கையை மேலே பார்த்து மடியில் வைக்கச் சொன்னேன். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இடது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் மெதுவாக வழுக்கி வர வேண்டும். எலும்புக்கும் நரம்பு மாதிரி விறைத்து நிற்கிற தசைநாருக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அங்கேதான் துடிப்பு. அண்ணாச்சி பேனா அழுத்தின கைக்காரர், அழுத்து அழுத்தென்று அழுத்தினார், துடிப்பு காணாமல் போய்விட்டது. விரலை லேசாகத் தளர்த்தச் சொன்னதும் வந்துவிட்டது. "அட, உள்ளே யாரோ கதவைத் தட்டுறாப்ல இருக்கு" என்றார்.

முதல் வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. தனக்கு 74, மதினிக்கும் 74 என்று தினமும் எழுதி வைத்திருந்தார். எப்படி இரண்டு பேருக்கும் ஒரே எண் என்று போய்ப் பார்த்தால், மதினியின் கையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டைவிரலுக்கே நல்ல துடிப்பு உண்டு. ஒரு வாரமாக மதினி பக்கத்தில் எழுதினது அவருடைய நாடிதான். விரலை மாற்றினதும் மதினிக்கு 82 வந்தது.

கேள்வி: மேடம், விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 76னு காட்டுது. 60லிருந்து 100 வரைக்கும் நார்மல்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு இந்த வேலை?

60 முதல் 100 என்பது சரிதான், சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு அந்த அளவுதான். ஆனால் அது எண்ணிக்கை மட்டும். கருவி பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. நடுவில் ஒன்று முந்தி வந்ததா, ஒன்று பிந்தி வந்ததா என்பது அந்த எண்ணில் தெரியாது. இதயம் தாறுமாறாக அடித்தாலும் 76 என்று வரலாம்.

அதனால் அண்ணாச்சிக்கு நான் கொடுத்த கணக்கு வேறு மாதிரி. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், காபிக்கு முன்னால். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். அதையும் பதினைந்து நொடிக்கு ஒன்றாக நாலு கட்டத்தில் எழுத வேண்டும். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு கட்டம், மொத்தம், கடைசியில் 'நடை' என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டார். சாதாரண நாளில் 18, 18, 19, 18, மொத்தம் 73, நடை 'சீர்' என்று இருக்கும்.

நடைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. எண்ணிக்கொண்டே இடைவெளியைக் கவனிப்பது கஷ்டம். முதலில் எண்ணாமல், துடிப்புக்குத் துடிப்பு காலால் தரையில் தாளம் போடச் சொன்னேன். அடுத்த தட்டு எப்போது விழும் என்று கால் தானாக எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பு ஏமாறும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: துடிப்பு விட்டுப் போனா ஹார்ட் அட்டாக் வரப்போகுதுன்னுதானே அர்த்தம்? எனக்கு ராத்திரியில அப்படி ஆகும்.

அண்ணாச்சியும் அப்படித்தான் பயந்தார். நோட்டு தொடங்கி இரண்டு மாதத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கே என் வீட்டுக் கதவைத் தட்டினார். "பத்துக்கு ஒண்ணு விடுது தங்கச்சி." கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காக எட்டு ஒன்பது துடிப்பு, அப்புறம் ஓர் இடைவெளி, அதற்கடுத்து ஒரு பலமான அடி, மறுபடி ஒழுங்கு.

அங்கே இதயம் நிற்கவில்லை. ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இதயத்தில் ரத்தம் நிரம்புவதற்குள் வந்ததால் அதற்கு வலு இல்லை, மணிக்கட்டு வரைக்கும் எட்டுவதில்லை. அதைத் தொடர்ந்து கொஞ்சம் நீண்ட ஓய்வு, அதில் ரத்தம் கூடுதலாக நிரம்புகிறது, அதனால்தான் அடுத்த அடி நெஞ்சில் 'தொம்' என்று விழுகிறது. இது நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அவருக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

உங்களுக்கு ராத்திரியில் தெரிவது இதுவாக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன ஒரு வரியை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, இதில் எது வந்தாலும் நாடி எண்ணிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கோவிச்சுக்காதீங்கம்மா. வயசானவங்களை இப்படிக் கையைப் பிடிக்க வச்சா நிம்மதிதான் போகும். எங்கப்பா அப்படித்தான் ஆயிட்டார்.

கோபம் இல்லை, நீங்கள் சொல்வது நடக்கிறது. டாக்டர் தைரியம் சொன்ன பிறகும் அண்ணாச்சி ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தார். சாப்பாட்டின் நடுவில்கூடப் பார்த்தார். பயத்தில் துடிப்பு ஏறும், ஏறினதைப் பார்த்து இன்னும் பயம். மதினி நோட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார்.

நான் ஒரு வரம்பு வைத்தேன். காலையில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. அதற்கு மேல் பார்ப்பதென்றால் படபடப்பு தெரிந்தால் மட்டும். அவருக்கு அது பிடித்துப்போனது. உங்கள் அப்பாவுக்கு அதுவும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டாக்டரிடம் போகும்போதெல்லாம் அவர் பார்க்கட்டும்.

கேள்வி: சித்த வைத்தியர்கள் மூணு விரல் வச்சு வாத, பித்த, கப நாடி பார்ப்பாங்களே. இதுவும் அதுதானா?

கை வைக்கும் இடம் கிட்டத்தட்ட அதேதான். பார்க்கும் விஷயம் வேறு. எனக்கு அந்த வித்தை தெரியாது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் மாட்டேன். அண்ணாச்சி பார்த்தது துடிப்புக்குத் துடிப்பு உள்ள நேர இடைவெளி, அவ்வளவுதான்.

கேள்வி: சரி, கடைசியில அவருக்கு என்னதான் ஆச்சு? அதைச் சொல்லுங்க.

ஐப்பசி அடைமழை. விடிகாலையில் படபடப்பாக இருக்கிறது என்று எழுந்து நோட்டை எடுத்திருக்கிறார். 24, 20, 26, 21, மொத்தம் 91. நூறைத் தாண்டவில்லை, எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நடைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'தாளம் கிடையாது' என்று எழுதியிருந்தார்.

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணிக்கட்டில் இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, மூன்று குறுக்கே, அப்புறம் ஓர் இடைவெளி. பத்துக்கு ஒன்று விட்டபோது அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இதில் எந்த ஒழுங்கும் இல்லை, அடுத்தது எப்போது வரும் என்று காலால் ஊகிக்கவே முடியாது. நெஞ்சில் ஸ்டெத் வைத்து எண்ணினால் ஒரு நிமிஷத்துக்கு 116, கையில் மதினி எண்ணினது 92. மீதித் துடிப்பெல்லாம் வலுவில்லாமல் கைக்கு வந்து சேரவில்லை.

இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். ரத்தம் அங்கே ஒரு மூலையில் தேங்கிக் கட்டி ஆகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆனால் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை, ஈசிஜி இல்லாமல் சொல்லக் கூடாது. மழையில் ஆட்டோ கிடைத்து, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஈசிஜி எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம். ஈசிஜி நார்மல்! அதற்குள் இதயம் தன் நடைக்குத் திரும்பிவிட்டது. "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அங்கே இருந்த இளம் டாக்டர் அனுப்பப் பார்த்தார்.

அண்ணாச்சி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார். ஏழு மாதத்துக் கணக்கு, தேதி, மணி, நாலு கட்டம். அநேகமாக எல்லா வரியும் 18, 19 என்று போய், கடைசி வரி கோணல். டாக்டர் இரண்டு பக்கம் திருப்பினார், பேசாமல், உடம்பில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரமும் ஈசிஜி பதிவு செய்கிற ஹோல்டர் கருவிக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் ராத்திரி மூன்று மணி வாக்கில் நாற்பது நிமிஷம் அது பதிவாகியிருந்தது. ஹோல்டரிலும் அகப்படாமல் போவது உண்டு, இவருக்கு அகப்பட்டது.

கேள்வி: அப்ப தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டா ரத்தம் கட்டாதே? என் நண்பர் அதான் போடுறார்.

ஆஸ்பிரின் இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குக் கொடுப்பது. மேலறையில் தேங்கும் ரத்தத்தில் உண்டாகும் கட்டியைத் தடுக்க அது போதாது, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் கூடும். வேறு வகை மாத்திரை இருக்கிறது. வயது, பிபி, சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா, இப்படி ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு டாக்டர் முடிவு செய்வார். அண்ணாச்சிக்கு 67 வயதுக்கு ஒன்று, பிபிக்கு ஒன்று, இரண்டு புள்ளி. மாத்திரை தொடங்கினார்கள். உங்கள் நண்பருக்கு எதற்காக ஆஸ்பிரின் கொடுத்தார்கள் என்று தெரியாமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு நாடி 42தான் வருது. பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுறாங்க. தலை சுத்துதுங்கறாங்க. நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. ஆனால் தலைசுற்றலோடு 42 என்றால் இன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள். மாத்திரை துடிப்பைக் குறைத்திருக்கலாம். இதயத்தின் மின்சாரப் பாதையில் தடை இருக்கலாம். இன்னொன்றும் உண்டு, ஒன்று விட்டு ஒன்று முந்தி வந்தால் இதயம் 84 அடித்தும் கைக்கு 42 மட்டும் வரும். கையால் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. போய் வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: அண்ணாச்சிக்கு அது எத்தனை நாளா இருந்திருக்கும்?

அவரும் அதையே கேட்டார். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஆவணியில் ஒரு வரி அகப்பட்டது. அன்று காய்ச்சல், கோடு போடத் தெம்பில்லாமல் 'மொத்தம் 96' என்று மட்டும் எழுதியிருக்கிறார். நாலு கட்டமும் காலி, நடையும் காலி. காய்ச்சலில் 96 வருவது சகஜம், அதுவாகவும் இருந்திருக்கலாம். டாக்டரும் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றுதான் சொன்னார். இப்போது காய்ச்சல் அடித்தாலும் மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறார்.