தெருவோர உணவு வண்டிக்கு ஒன்பது கட்டங்கள்

கேள்வி: அலுவலகங்கள் நிறைந்த தெருவில் மதிய உணவு வண்டி போட இருக்கிறேன். ஒரு தொழில் எப்படி நடக்கும் என்பதை ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் பிசினஸ் மாடல் கேன்வாஸின் ஒன்பது கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ஆனால் தொழில் தாங்குமா என்பது அதில் தெரியவில்லை. எந்த வரிசையில் நிரப்ப வேண்டும்?

பதில்: வலது ஓரத்தில் உள்ள 'வாடிக்கையாளர் பிரிவுகள்' கட்டத்தில் தொடங்குங்கள். 'அலுவலக ஊழியர்கள்' என்று மட்டும் எழுதினால் போதாது. '12 மணி முதல் 2 மணி வரை வெளியே வரும், வரிசையில் அதிக நேரம் நிற்க முடியாத ஊழியர்கள்' என்று எழுதுங்கள். நேரம் சேர்ந்ததும் நடுவில் உள்ள 'மதிப்பு' கட்டம் தானாகவே துலங்கும். அங்கே பெரும்பாலோர் 'சுவை, தரம்' என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் முதலில் வாங்குவது வேகத்தை.

விற்கும் வழி உங்கள் வண்டி நிற்கும் இடம். வாடிக்கையாளர் உறவு, முகம் பார்த்துப் பேசுவதும் வழக்கமாக வருபவரின் விருப்பத்தை நினைவில் வைப்பதும்தான். இவ்விரண்டுக்கும் ஒரு வரி போதும்.

அடுத்து 'வருவாய்', 'செலவு' கட்டங்களைச் சேர்த்து நிரப்புங்கள். ஒரு தட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பொருள்களுக்கு 35, பொட்டலத்துக்கு 5 போனால் மிஞ்சுவது 60. வாடகை, கூலி, எரிபொருள் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் அன்றாடச் செலவு 3000 பங்கு என்றால், 50 தட்டு விற்ற பிறகே கைக்காசு போகாமல் நிற்கும். விற்காமல் மிஞ்சிக் கொட்டும் உணவையும் செலவில் எழுதுங்கள்; பலரும் விடுவது அதைத்தான்.

இப்போது இடப்பக்கம், 'முக்கியச் செயல்பாடுகள்' கட்டத்துக்கு வாருங்கள். ஒரு தட்டு தயாராக 3 நிமிடம் ஆனால், 120 நிமிடத்தில் 40 தட்டுதான் தர முடியும். வண்டி முன்னால் வரிசை நீண்டு நிற்கும், ஆனாலும் நட்டம். உங்கள் கேன்வாஸ் சொல்லாமல் விட்டது இதுவாகத்தான் இருக்கும். நறுக்குவது, அரைப்பது, பாதி வேகவைப்பது ஆகியவற்றைக் காலையிலேயே முடித்து 2 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 60 தட்டு ஆகும். உடனே மற்றக் கட்டங்களும் மாறும்: 'வளங்கள்' கட்டத்தில் தயாரிப்புக்கு ஓர் இடமும் குளிர்ப்பெட்டியும், 'கூட்டாளிகள்' கட்டத்தில் விடியற்காலையில் சரக்கு தருபவரும், செலவில் இவற்றுக்கான தொகையும் சேரும். விற்பனை அனுமதியும் உணவு உரிமமும் வளங்களில் சேர்பவை.

எல்லாம் எழுதியபின் 50 தட்டு கணக்கை மறுபடி போடுங்கள். புதிய செலவால் அது 58 ஆகிவிட்டால், உங்களிடம் மிஞ்சும் இடைவெளி இரண்டே தட்டு. மழை பெய்யும் ஒரு மதியத்தைக்கூட அது தாங்காது. அப்போது உணவு வகைகளைக் குறைத்துவிடுங்கள், நேரம் மிச்சமாகும்.

டெலிவரி செயலியையும் வழிகளில் எழுத ஆசை வரும். கமிஷன் 25 பங்கு என்றால், தட்டுக்கு மிஞ்சுவது 35 மட்டுமே. நெரிசல் நேரத்தில் அந்த ஆர்டர், 60 பங்கு தரும் ஒரு தட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2 மணிக்குப் பிறகு மட்டும் செயலியைத் திறந்து வையுங்கள்.