பத்தியாய் அடைத்த பொருள் விவரத்தைப் பிரித்தெழுதுதல்: கேள்வி பதில்

சேலத்திலிருந்து ஒரு பாத்திர விற்பனையாளர்: ஐயா, எங்கள் இணையக் கடையில் தோசைக்கல்லுக்கு நான் எழுதியிருக்கும் விவரம் இதுதான்: "பாரம்பரிய முறையில் வார்க்கப்பட்டு, 12 அங்குல விட்டமும் சுமார் 3 கிலோ எடையும் கொண்டு, நல்லெண்ணெயில் முன்பே பழக்கப்பட்ட இந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல், எரிவாயு அடுப்பிலும் மெதுவாகச் சூடேற்றினால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் பயன்படுத்தத் தக்கதாகவும், சூட்டை நெடுநேரம் தக்கவைப்பதால் தோசை சீராக வேக உதவுவதாகவும், புளிக்குழம்பு சமைப்பதையும் இரவெல்லாம் நீரில் ஊறவைப்பதையும் தவிர்த்தால் பல்லாண்டு உழைக்கக் கூடியதாகவும் உள்ளது." இதில் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஆனாலும் எடை எவ்வளவு, இண்டக்‌ஷனில் வைக்கலாமா என்றே தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

தொலைபேசியில் வரும் கேள்விகளிலிருந்தே தொடங்குங்கள், ஏனெனில் உங்கள் துணைத்தலைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு வாரம் வரும் கேள்விகளை ஒரு தாளில் குறித்து வைத்தால், அவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: எவ்வளவு பெரியது, எந்த அடுப்பில் வைக்கலாம், வாங்கியவுடன் பயன்படுத்தலாமா, எப்படிக் கழுவுவது. பிறகு உங்கள் பத்தியில் உள்ள ஒவ்வொரு தகவலின் கீழும் கோடிட்டு, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எண் இடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதிலாக அமையாதவை தாமாகவே வெளியே நிற்கும். "பாரம்பரிய முறையில்" என்பது அப்படி நிற்கும். அந்த முறை எதுவென்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

உங்கள் பத்தியை நான் பிரித்தால் இப்படி வரும்:

> வீட்டுக்கு வந்த அன்றே தோசை ஊற்றலாம். நல்லெண்ணெயில் பழக்கிய வார்ப்பிரும்புக் கல் இது.
>
> அளவும் எடையும்
> • விட்டம்: 12 அங்குலம்
> • எடை: சுமார் 3 கிலோ
>
> எந்த அடுப்பில் வைக்கலாம்
> • எரிவாயு அடுப்பு: வைக்கலாம்
> • இண்டக்‌ஷன்: வைக்கலாம், ஆனால் குறைந்த சூட்டில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும்
>
> துருப்பிடிக்காமல் வைத்திருக்க
> கல்லின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலமே இரும்பை ஈரத்திலிருந்து காக்கிறது. புளி அந்தப் படலத்தை அரிக்கும். இரவெல்லாம் நீரில் ஊறினால் அடியில் துரு ஏறும். ஆகவே புளிக்குழம்பு வைக்காமல், கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

கடைசிப் பகுதியை மட்டும் நான் புள்ளிகளாக்கவில்லை. விட்டமும் எடையும் ஒன்றையொன்று சாராத தகவல்கள் என்பதால் அவற்றைத் தனித்தனியே நிறுத்தலாம். துரு விஷயத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கிறது. அதைப் புள்ளிகளாக உடைத்தால் "ஆகவே" உதிர்ந்துபோய், காரணம் தெரியாத மூன்று கட்டளைகள் மட்டுமே மிஞ்சும். காரணம் தெரியாத கட்டளையை வாங்கியவர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்.

பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கைப்பிடி உண்டா, அதன் நீளம் என்ன, அடிப்பகுதியில் தட்டையான பரப்பு எவ்வளவு என்பவை உங்கள் பத்தியில் இல்லை. "எல்லாத் தகவலும் இருக்கிறது" என்ற எண்ணத்தை அந்த நீண்ட வாக்கியம்தான் உங்களுக்குத் தந்திருக்கிறது. பட்டியலாக எழுதும்போதுதான் ஓட்டை கண்ணில் படும்.

அதே விற்பனையாளர்: இண்டக்‌ஷன் வரியில் "வைக்கலாம்" என்பதோடு நிறுத்திவிட்டு, மெதுவாகச் சூடேற்றும் குறிப்பைப் பராமரிப்புப் பகுதிக்கு மாற்றினால் வரி சிறிதாகுமே?

அதைச் செய்யாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காக இதே போன்ற கல்லுக்கு எழுதியபோது, வரிகள் ஒரே நீளத்தில் அமைய வேண்டும் என்று நான் இதையே செய்தேன். "இண்டக்‌ஷனில் பயன்படுத்தலாம்" என்பது மேலேயும், நிபந்தனை நான்கு அங்குலம் கீழே வேறொரு தலைப்பின் கீழும் போய்விட்டன. அடுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர் அடுப்புப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வாங்கினார், முழு வேகத்தில் சூடேற்றினார், கல் விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. இண்டக்‌ஷன் சுருள் 12 அங்குலக் கல்லின் நடுப்பகுதியை மட்டுமே சூடாக்கும். நடுப்பகுதி விரிய, ஓரம் குளிர்ந்தே இருக்க, வார்ப்பிரும்பு அந்த இழுப்பைத் தாங்குவதில்லை. பத்தியாக இருந்தவரை "மெதுவாகச் சூடேற்றினால்" என்ற எச்சம் "இண்டக்‌ஷன்" என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தவன் நான், ஆகவே அந்தக் குறை என்னுடையது. "ஆனால்", "மட்டும்", "தவிர", "-ஆல்" என்று முடியும் நிபந்தனைகளை முதலில் வட்டமிட்டுவிட்டு, அவை எந்தத் தகவலைக் கட்டுப்படுத்துகின்றனவோ அதே வரியில் அவற்றையும் வைத்த பிறகே பிரிக்க வேண்டும் என்று அதற்குப் பின் பழக்கப்படுத்திக்கொண்டேன்.

கோவையிலிருந்து ஒரு மாணவி, பகுதிநேர உள்ளடக்க எழுத்தாளர்: வாசகர்கள் வரியின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள் என்று படித்தேன். அதனால் ஒரு மிக்ஸி விவரத்தை 17 புள்ளிகளாக உடைத்துவிட்டேன். முழுப் பத்தியை விட இது நல்லதுதானே?

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. திரையில் படிப்போரில் பெரும்பாலோர் சொல் சொல்லாகப் படிக்காமல் மேலோட்டமாகப் பார்த்துச் செல்கிறார்கள் என்பதை இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் அவருடைய குழுவினரும் 1997-இலேயே சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அதே சோதனையில், அமைப்பை மட்டும் மாற்றியதை விட, சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது பயன் கூடுதலாக இருந்தது. குறைத்தல், பிரித்தல், மிகைச்சொல் நீக்குதல் மூன்றும் சேர்ந்தபோது பயன் இரு மடங்குக்கும் மேலானது. நீங்கள் இரண்டாவதை மட்டும் செய்திருக்கிறீர்கள்.

அத்துடன் 17 புள்ளிகள் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நின்றால், அவற்றுள் எதுவும் கண்ணில் நிற்காது. அது செங்குத்தாக நிறுத்திய பத்தியாகவே ஆகிவிடும். "நீடித்து உழைக்கும்", "உறுதியானது", "தரமானது" என்று மூன்று புள்ளிகள் உங்கள் பட்டியலிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றையும் நீக்கிவிட்டு, மோட்டாரின் வாட் அளவையும் உத்தரவாதக் காலத்தையும் வையுங்கள். மிஞ்சுவதை நான்கைந்து புள்ளிகள் கொண்ட குழுக்களாக்கித் தலைப்பிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: ஆங்கிலத்தில் கச்சிதமாக இருக்கும் புள்ளிகள் தமிழில் எழுதியதும் கனத்துவிடுகின்றன. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எங்கே இடிக்கிறது?

நம் மொழியின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. தமிழில் அடைகள் எல்லாம் முன்னால் வந்து, பெயர் கடைசியில் வரும். "சூட்டை நெடுநேரம் தக்கவைத்துத் தோசையைச் சீராக வேகவைக்கும் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடிப்பகுதி" என்ற புள்ளியைப் பாருங்கள். எதைப் பற்றிய வரி என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. கைப்பேசித் திரையில் தமிழ்ச் சொற்கள் ஒரு வரிக்கு நான்கைந்துக்கு மேல் அடங்குவதில்லை என்பதால், அந்தக் கடைசிச் சொல் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிக்கு இறங்கிவிடும். வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்துச் செல்பவருக்கு "சூட்டை நெடுநேரம்" என்பது மட்டுமே கிடைக்கும்.

ஆகவே பெயரெச்சத்தைக் கழற்றி, பெயரை முன்னால் இழுத்து, எச்சத்தை வினைமுற்றாக்குங்கள்: "அடிப்பகுதி: 4 மில்லிமீட்டர் தடிமன். சூடு சீக்கிரம் இறங்காது." இரண்டாம் வாக்கியம் தேவைப்படாத இடத்தில் அதையும் விட்டுவிடலாம். இதில் அடிக்கடி நேரும் தவறு, எல்லாப் புள்ளிகளையும் "இந்தத் தோசைக்கல்" என்றே தொடங்குவது. பொருளின் பெயர் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. வரியின் மிக மதிப்புள்ள இடத்தை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

முடிவுகளையும் ஒருமுறை பாருங்கள். ஒரு புள்ளி "பயன்படுத்தலாம்" என்றும், அடுத்தது "எளிதான பராமரிப்பு" என்றும், அதற்கடுத்தது "துருப்பிடிக்காது" என்றும் முடிந்தால், படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஒரு தலைப்பின் கீழுள்ள புள்ளிகள் ஒரே வகையில் முடியட்டும்.

திருச்சியிலிருந்து, திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் பணியாளர்: பலர் விசைப்பலகையில் • குறியைத் தட்டி, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு, பிரித்துவிட்டோம் என்கிறார்கள். என் என்விடிஏ திரைவாசிப்பானில் `H` அழுத்தினால் அந்தத் தலைப்புகள் எதுவும் அகப்படுவதில்லை, `L` அழுத்தினால் பட்டியலும் இல்லை. எனக்கு அது இன்னும் ஒரே பத்திதான். இதை நீங்கள் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியதுதான், நீங்களே சொன்னது என் பதிலை விடத் தெளிவாக இருக்கிறது. பிரித்தது கண்ணுக்கு மட்டும் பிரிந்திருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கடையின் எழுதுபெட்டியில் தலைப்புப் பாணியையும் பட்டியல் பொத்தானையும் பயன்படுத்தினால், உள்ளே இவ்வாறு அமையும்:

```html
<h3>அளவும் எடையும்</h3>
<ul>
  <li>விட்டம்: 12 அங்குலம்</li>
  <li>எடை: சுமார் 3 கிலோ</li>
</ul>
```

வேர்டு கோப்பிலிருந்து நேராக ஒட்டும்போது எழுத்துருவும் இடைவெளியும் கூடவே வந்து, கைப்பேசியில் புள்ளிகள் கோணலாக நிற்பதுண்டு. வடிவமில்லாத வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, தலைப்பையும் பட்டியலையும் அங்கேயே இடுவது நல்லது.

ஈரோட்டிலிருந்து ஒரு சில்லறை வணிகர்: அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் புள்ளிகளில் வர வேண்டுமா?

பக்கத்தில் வர வேண்டும், புள்ளிகளில் வேண்டாம். அவை 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கேட்பவை. கீழே தனி அட்டவணையாக இடுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு புடவை விற்பனையாளர்: சுருக்கு, நீக்கு என்கிறீர்கள். எங்கள் பட்டுப் புடவை விவரத்தில் நெசவாளர் கோர்வை போடுவதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அதைப் படித்துத்தான் வாங்கினேன் என்று சொல்பவர்கள் உண்டு. அதை எடுத்துவிட்டால் கடையில் என்ன மிஞ்சும்?

எடுக்கச் சொல்லவில்லை அம்மா. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் ஊடை நூலைக் கொண்டுசெல்லும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்யப்படுவதுதான் கோர்வை என்றால், விலை ஏன் கூடுகிறது என்பதற்கு அந்தப் பத்தியே விடை. அதைப் புள்ளிகளாக்கினால் நெசவின் ஓட்டம் செத்துவிடும். அந்தப் பத்திக்குள் புதைந்திருக்கும் நீளம், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, ஜரிகையின் வகை, சலவை முறை ஆகியவற்றை மட்டும் வெளியே எடுத்துப் புள்ளிகளாக நிறுத்திவிட்டு, கதையை "இந்தக் கரை நெய்யப்பட்ட விதம்" என்ற தலைப்போடு மூன்று மூன்று வாக்கியங்கள் கொண்ட சிறு பத்திகளாக விடுங்கள்.

கதை மேலேயா, புள்ளிகள் மேலேயா என்பதில் எனக்கு இன்னும் உறுதியான முடிவு இல்லை. தோசைக்கல்லுக்குப் புள்ளிகள்தான் மேலே என்று தயங்காமல் சொல்வேன். பட்டுக்கு நான் எழுதிய பக்கங்களில் இரண்டும் நடந்திருக்கின்றன. ஒரே விலையுள்ள இரண்டு புடவைகளுக்கு இரண்டு விதமாக வைத்து, "ரவிக்கை உண்டா" என்று எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் கேட்கிறார்கள் என்பதை ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கை எனக்கும் அனுப்பினால் நன்றியுடையவனாயிருப்பேன்.