குறித்த நாளில் முடிந்தும் தோற்ற ப்ராஜெக்ட்

கேள்வி: ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குக் குடோன் இருப்புக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். ஆறு மாத வேலை. சொன்ன தேதியில், சொன்ன பட்ஜெட்டில் முடித்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து முதலாளி "உங்க ப்ராஜெக்ட் ஃபெயிலியர்" என்கிறார். குடோனில் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்களாம். எங்கள் நிறைவு அறிக்கையில் வெற்றி அளவுகோல், வெற்றிக் காரணி என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானே? அவற்றில் என்ன எழுதுவது?

பதில்: ஒன்றல்ல. அந்த முதலாளியின் கோபத்துக்கான விளக்கமும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வேலை முடிந்தபின் எதை வைத்து "ஜெயித்தது, தோற்றது" என்று தீர்ப்புச் சொல்கிறோமோ அது அளவுகோல். அந்தத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வர, வழியிலேயே நாம் செய்து வைக்கும் ஏற்பாடு காரணி. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாத ரத்தப் பரிசோதனை அளவுகோல். நடைப்பயிற்சியும் மாத்திரையும் காரணிகள். தினமும் நடந்தார் என்பதற்காக எந்த மருத்துவரும் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாக எழுதமாட்டார். ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இதைத்தான் செய்கிறோம். "எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தாயிற்று" என்ற வரியை வெற்றிக்குச் சான்றாக எழுதிவிடுகிறோம். பயிற்சி ஒரு காரணி. பயிற்சி பெற்றவர் திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரில் பதிந்தாரா என்பதுதான் அளவுகோல்.

அப்படியென்றால் நேரமும் பட்ஜெட்டும் எதில் சேரும்? அவையும் அளவுகோல்கள்தான், ஆனால் வேறொன்றை அளப்பவை. 1988-லேயே டி விட் என்ற ஆய்வாளர் இதைப் பிரித்துக் காட்டினார். ப்ராஜெக்ட்டை நடத்திய விதத்தின் வெற்றி ஒன்று, ப்ராஜெக்ட்டின் வெற்றி இன்னொன்று. நேரம், செலவு, கேட்டபடி செய்தது ஆகியவை முதல் வகை. இவற்றை ஒப்படைக்கும் அன்றே கணக்குப் பார்த்துவிடலாம். இரண்டாவது வகை, அந்தப் பொருள் பயன்பட்டதா என்பது. அதற்கு மாதங்கள் ஆகும், அதற்குள் செய்த குழு கலைந்துபோயிருக்கும். உடனே அளக்க முடிவதால் முதல் வகையே முழுத் தீர்ப்பாகிவிடுகிறது. உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் முதல் தீர்ப்பைச் சொல்கிறீர்கள், முதலாளி இரண்டாவதைச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. நேரமும் பட்ஜெட்டும் மட்டும் அளவுகோலாக இருக்கும்போது, அவற்றைக் காப்பாற்றுவதற்காகவே மற்ற வெற்றிகளுக்கான காரணிகளை வெட்டிவிடுவோம். இதற்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் டெர்மினல் 5-ஐ விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த முனையத்தின் கட்டுமானம் 2002-ல் தொடங்கியது. செலவு சுமார் 430 கோடி பவுண்டு. அந்த அளவுள்ள கட்டுமானங்கள் காலமும் செலவும் மீறுவதுதான் வழக்கம் என்பது விமான நிலைய நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் வழக்கமான ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, ஆபத்துப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. ஒப்பந்ததாரர்களுக்கு ஆன செலவைக் கொடுத்தது, நன்றாகச் செய்தால் லாபத்தில் பங்கு என்றது, வெவ்வேறு நிறுவனத்து ஆட்களை ஒரே குழுவாக உட்காரவைத்தது. யார்மீது பழி போடுவது என்ற சண்டைக்கு இடமில்லாமல் போனது. இவையெல்லாம் அருமையான வெற்றிக் காரணிகள். எந்த வெற்றிக்கு? கட்டடம் நேரத்துக்கும் பட்ஜெட்டுக்கும் முடிவதற்கு. அப்படியே முடிந்தது. 2008 மார்ச் 14-ல் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்து வைத்தார். மார்ச் 27-ல் பயணிகள் வந்தார்கள்.

அன்று நடந்ததை வரிசையாகப் பார்த்தால் காரணம் புரியும். அதிகாலையில் வேலைக்கு வந்த ஊழியர்களுக்கு எந்த வாகன நிறுத்தத்துக்குப் போவது என்பதே குழப்பம். பாதுகாப்புச் சோதனையில் தாமதம். பெட்டிகளை ஏற்ற வேண்டியவர்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. சிலரால் கம்ப்யூட்டரில் உள்ளே நுழையவே முடியவில்லை. பயணிகள் மட்டும் பெட்டிகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எடுக்க ஆள் இல்லாமல் பெட்டிகள் தேங்க, தானியங்கிப் பாதை நிரம்பி நின்றது. போதாக்குறைக்கு, சோதனைக் காலத்தில் போலிச் செய்திகள் மற்ற முனையங்களின் நிஜ அமைப்புக்குப் போய்விடக் கூடாது என்று போட்டிருந்த ஒரு சாஃப்ட்வேர் தடுப்பை எடுக்க மறந்திருந்தார்கள். அதனால் பிற விமானங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகளின் விவரம் டெர்மினல் 5-க்கு வரவில்லை. மாலைக்குள் பெட்டி வாங்குவதையே நிறுத்தும்படி ஆனது. அடுத்த சில நாள்களில் 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஆயிரக்கணக்கான பெட்டிகள் உரியவர்களைச் சேராமல் குவிந்தன. முதல் ஐந்து நாள்களில் மட்டும் 1.6 கோடி பவுண்டு நஷ்டம் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் சொன்னது.

பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இதை விசாரித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் அன்றைய தலைமை நிர்வாகி வில்லி வால்ஷ் அங்கே சொன்னதுதான் நமக்குப் பாடம். கட்டட வேலை 2007 செப்டம்பரில் முடிந்து, அதற்குப் பிந்திய ஆறு மாதம் பழகிப் பார்ப்பதற்கு என்பது திட்டம். கட்டட வேலை சில இடங்களில் இழுத்துக்கொண்டது. திறப்பு நாள் மட்டும் நகரவில்லை. எனவே நடுவில் இருந்த பழகும் காலம் சுருங்கியது. சோதனையில் சமரசம் செய்துகொண்டோம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"நேரத்துக்கு முடிந்தது" என்ற அந்தப் பெருமையின் ஒரு பகுதியை, "பயணியும் பெட்டியும் ஒன்றாகப் போய்ச் சேரும்" என்ற இன்னொரு அளவுகோலிலிருந்து எடுத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கான காரணிகள் அத்தனையும் இருந்தன. இயக்கத்துக்கான காரணிகள் மூன்று மட்டுமே கேட்டிருந்தால் போதும்: ஊழியருக்கு இடம் பழகியிருப்பது, முழுச் சுமையில் ஒத்திகை, திறக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் இருப்பது.

இப்போது உங்கள் குடோனுக்கு வருவோம். கடைசி நான்கு வாரத்தில் எதைச் சுருக்கினீர்கள் என்று உங்கள் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலும் அடிபடுவது இரண்டு. ஒன்று, தொடக்க இருப்பு. சாஃப்ட்வேரில் ஏற்றிய முதல் இருப்பு, குடோனில் கையால் எண்ணிச் சரிபார்த்ததா, பழைய எக்ஸெல் தாளிலிருந்து அப்படியே ஏற்றியதா? அப்படியே ஏற்றியிருந்தால் முதல் வாரமே திரையில் ஒரு எண், ரேக்கில் ஒரு எண் என்று வரும். இரண்டு தடவை அப்படி நடந்தால் போதும், குடோன்காரர் திரையை நம்பமாட்டார். நோட்டை நம்புவார். அது அவர் பிடிவாதம் இல்லை, லாரியில் தவறான சரக்கு ஏறினால் திட்டு வாங்கப்போவது அவர்தான்.

இன்னொன்று, யார் சோதித்தார்கள் என்பது. அலுவலகத்தில் கணக்காளர் உட்கார்ந்து சோதித்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தால் அது குடோன் சோதனை ஆகாது. சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பி வருகிறது. சலானில் ரோல் எண்ணிக்கை ஒன்று, எடை போட்டால் கிலோ குறைகிறது, லாட் எண் எழுதவில்லை. லாட் எண் இல்லாமல் உங்கள் திரை பதிய விடாது. லாரி டிரைவர் வெளியே ஹாரன் அடிக்கிறார். அந்த நேரத்தில் குடோன்காரர் என்ன செய்வார்? நோட்டில் எழுதிவிட்டு, "அப்புறம் ஏற்றிக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வருவதே இல்லை.

அளவுகோல் பகுதியில் உள்ளதை உள்ளபடி இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். நேரம், செலவு, ஒப்புக்கொண்ட வசதிகள்: நிறைவேறின. இதை எழுதத் தயங்க வேண்டாம், உங்கள் குழு உழைத்த உழைப்பு அது. பயன்பாடு: நிறைவேறவில்லை, அல்லது தொடக்கத்தில் வரையறுக்கவே இல்லை. காரணிப் பகுதியில் எவை இருந்தன, எவை இல்லை என்று எழுதுங்கள். "நிர்வாக ஆதரவு போதவில்லை" என்ற பொத்தாம்பொது வரி யாருக்கும் உதவாது. "பழைய நோட்டை நிறுத்தும் தேதியை யாரும் அறிவிக்கவில்லை" என்று எழுதினால், அடுத்த முறை அதைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்த ப்ராஜெக்ட்டில் வேலை தொடங்கும் முன்பே அளவுகோலை முழு வாக்கியமாக எழுதி, முதலாளி, கணக்காளர், குடோன் பொறுப்பாளர் மூவரிடமும் காட்டுங்கள். உதாரணத்துக்கு: "ஒப்படைத்து மூன்றாவது மாதக் கடைசியில், குடோன் பொறுப்பாளர் குலுக்கல் முறையில் எடுக்கும் 50 பொருள்களைக் கையால் எண்ணினால், குறைந்தது 47 பொருள்களில் திரையும் ரேக்கும் ஒத்துப்போக வேண்டும்." என்ன, எவ்வளவு, எப்போது, யார் எண்ணுவது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. இதே எண்ணிக்கையை வேலை தொடங்கும் முன்பும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். முன்பு 30 ஒத்துப்போய், இப்போது 44 ஒத்துப்போனால், இலக்கைத் தொடாவிட்டாலும் எவ்வளவு முன்னேறினோம் என்று காட்ட முடியும். முன்பு எண்ணாவிட்டால் அந்த 44 வெறும் குறையாகத்தான் தெரியும். அளவுகோல் எழுதியபின், ஒவ்வொன்றுக்கும் நேரே அது எந்தக் காரணியை நம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். நேரே ஒன்றும் இல்லாத அளவுகோல் வெறும் ஆசை. தேதி நெருங்கும்போது எதையாவது வெட்ட வேண்டி வந்தால், எந்த அளவுகோல் அடிபடும் என்று அந்தத் தாளைப் பார்த்தே முதலாளியிடம் சொல்லலாம். தேதியைத் தள்ளுவதா, பயிற்சியை வெட்டுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. எல்லாக் காரணிகளும் இருந்தாலும் தோல்வி வரலாம். ஏற்றுமதி ஆர்டரே நின்றுபோனால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? அதனால் ஒப்பந்தத்தில் உங்களுக்கு வர வேண்டிய பணத்தை உங்கள் கையில் உள்ள அளவுகோல்களோடு மட்டும் இணையுங்கள். பயன்பாட்டு அளவுகோலுக்குப் பொறுப்பாக அவர்கள் பக்கத்தில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். தீர்ப்பும் காலத்தோடு மாறும். அதே டெர்மினல் 5 பின்னாளில் பயணிகள் வாக்களிக்கும் ஸ்கைட்ராக்ஸ் விருதில் உலகின் சிறந்த முனையமாகப் பலமுறை தேர்வானது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று மதிப்பிட்ட சிட்னி ஆபரா ஹவுஸ், 1973-ல் 10.2 கோடி டாலரில் முடிந்தது. இன்று அதைத் தோல்வி என்பார் யாரும் இல்லை.

உங்கள் குடோனும் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. முதலாளியிடம் ஒரு சிறு இரண்டாம் கட்டம் கேளுங்கள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு இருப்பையும் எண்ணிச் சரிசெய்வது, லாட் எண் இல்லாமலும் தற்காலிகமாகப் பதிய வழி செய்வது, நோட்டை நிறுத்தும் தேதியை அவர் வாயாலேயே குடோனில் அறிவிப்பது. மூன்று மாதம் கழித்து அந்த 50 பொருள்களை எண்ணுங்கள். அதுவரை நிறைவு அறிக்கையின் பயன்பாட்டு வரியை மூடிவிடாமல், பக்கத்தில் "அளக்க வேண்டிய தேதி" என்று ஒன்றையும் எழுதித் திறந்து வையுங்கள்.