ரெஸ்யூம்ல ஒண்ணு, ப்ரொஃபைல்ல வேற ஒண்ணு: தேதி மாறி விழுந்தா எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி திருத்துறது

கேள்வி: நான் ரெக்ரூட்மென்ட் டீம்ல இருக்கேன். ரெஸ்யூம் அப்லோட் பண்ணா சிஸ்டமே ப்ரொஃபைலை ஃபில் பண்ணிடுது. ஆனா சில பேருக்கு கம்பெனியும் தேதியும் மாறி விழுது, யாருக்கு மாறியிருக்குன்னு பாத்த உடனே தெரியவும் மாட்டேங்குது. எல்லா ஃபீல்டையும் ஒண்ணொண்ணா பாக்க நேரம் இல்ல. எங்க ஆரம்பிக்கணும், திருத்தும்போது எதுல கவனமா இருக்கணும்?

பதில்:

பேரு, போன் நம்பர்னு மேலேர்ந்து கீழ வரிசையா பாத்துட்டு வராதீங்க, நேரா வேலை அனுபவத்துக்குப் போங்க. அங்கயும் தேதி சரியா, பதவி சரியான்னு தனித்தனியா பாத்தா பிரயோஜனம் இல்ல, இந்தத் தேதி இந்த வேலைக்குத்தானான்னு ஜோடியா பாக்கணும். ஏன்னா மொத்த அனுபவம், இப்போ இருக்கிற கம்பெனி, இப்போதைய பதவி, சில சிஸ்டம்ல ஒவ்வொரு ஸ்கில்லயும் எத்தனை மாசம் வேலை பாத்தாருங்கிறது, இதெல்லாம் பெரும்பாலும் ரெஸ்யூம்லேர்ந்து அப்படியே எடுத்தது கிடையாது, வேலை அனுபவத்தை வச்சு சிஸ்டமே கணக்குப் போட்டு வச்சது. அடியில இருக்கிற ஜோடி தப்பா இருந்தா மேல இருக்கிறது எல்லாமே தப்பாதான் வரும், நீங்க மேல எத்தனை தடவை திருத்தினாலும் சரி.

ஜோடி ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா தேடுறது ரொம்ப சுலபம். பிடிஎஃப் ஃபைலுக்குள்ள "இது ஒரு வரி, இது ஒரு டேபிள்"னு குறிப்பு இருந்தே ஆகணும்னு இல்ல. பக்கத்துல இந்த இடத்துல இந்த எழுத்தை வைன்னு இருக்கும், அவ்வளவுதான். நம்ம கண்ணு இடது பக்கம் இருக்கிற தேதியையும் அதுக்கு நேரா வலது பக்கம் இருக்கிற பதவியையும் சேத்துப் படிச்சுக்கும். ஆனா டெக்ஸ்ட் எடுக்கிற ப்ரோக்ராம் பக்கத்தை இடது வலதுன்னு நெட்டுக்குப் பிரிச்ச, அதாவது ரெண்டு காலம் இருக்கிற ரெஸ்யூமைப் பாத்தா, இடது காலம் முழுக்க படிச்சு முடிச்சுட்டு அப்புறம்தான் வலது காலத்துக்கு வரும், நிறைய நேரம் இப்படித்தான் நடக்குது. அப்போ தேதியெல்லாம் ஒரு கும்பலா, பதவியெல்லாம் இன்னொரு கும்பலா வந்து நிக்கும், அந்த டெக்ஸ்டைப் பிரிச்சு ப்ரொஃபைலை ஃபில் பண்ற பார்சர் தனக்குத் தோணின மாதிரி ஜோடி சேத்துக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஒருத்தர் 2024 ஜூன்ல ரெஸ்யூம் அனுப்புறாரு, ரெண்டு காலம், இடது பக்கம் தேதி, வலது பக்கம் விவரம். முதல்ல படிப்பு, அதுக்குக் கீழ வேலை. சரியா படிச்சா இப்படி இருக்கணும்:

```
2012 – 2015               பட்டப்படிப்பு
2021 ஜூன் – இன்று வரை      சீனியர் அக்கவுண்டன்ட்
2018 மார்ச் – 2021 மே      அக்கவுண்டன்ட்
2015 ஜூலை – 2018 பிப்ரவரி  அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்
```

பார்சர் ஒவ்வொரு காலமா படிச்சதால நாலு தேதியும் வரிசையா வந்துச்சு, அப்புறம் நாலு விவரமும் வந்துச்சு. படிப்பைத் தனியா எடுத்து வச்சிருச்சு, ஆனா அதோட தேதியை எடுக்கல, அதனால முதல் வேலைக்கு முதல் தேதின்னு ஒட்டிக்கிட்டே போச்சு. ப்ரொஃபைல்ல என்ன இருக்குன்னா, சீனியர் அக்கவுண்டன்ட் 2012லேர்ந்து 2015 வரைக்கும், அக்கவுண்டன்ட் 2021 ஜூன்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும், அசிஸ்டென்ட் 2018 மார்ச்லேர்ந்து 2021 மே வரைக்கும். கடைசித் தேதிக்கு ஜோடி கிடைக்காததால அது காணாமலே போயிருச்சு.

இப்போ மொத்த அனுபவத்தைக் கூட்டிப் பாருங்க. உண்மையில அவருக்கு 32, 39, 37 மாசம், மொத்தம் 108 மாசம், சரியா 9 வருஷம். தப்பான ப்ரொஃபைல்ல 2012லேர்ந்து 2015ங்கிறதை சிஸ்டம் 36 மாசமா எடுத்துக்கிட்டா 36, 37, 39 சேத்து 112 மாசம், 9 வருஷம் 4 மாசம். பாத்தீங்களா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! மொத்தத்தை மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு "9 வருஷம், சரிதான்"னு போறவங்க இதைப் பிடிக்கவே முடியாது. ஆனா ஆளு இன்னைக்கு சீனியர் போஸ்ட்ல இருக்காரு, ப்ரொஃபைல் அவரை வெறும் அக்கவுண்டன்ட்னு காட்டுது, இப்போ சீனியர் பதவியில இருக்கிறவங்க மட்டும்னு யாராவது ஃபில்டர் போட்டா இவரு லிஸ்ட்லயே வரமாட்டாரு.

அப்போ எதைப் பாத்து சந்தேகப்படணும்? இந்தக் கேஸ்லயே மூணு துப்பு இருக்கு. 2015லேர்ந்து 2018 வரைக்கும் ஒண்ணுமே இல்லாத ஒரு இடைவெளி, அதுவும் ஒரு வேலை பாத்து முடிக்கிற அளவுக்கு நீளமா. ரெண்டாவது, வேலைக்குச் சேந்தப்பவே சீனியரா சேந்து, அப்புறம் அசிஸ்டென்ட்டா கீழ இறங்கி, அதுக்கப்புறம் அக்கவுண்டன்ட் ஆன மாதிரி பதவி வரிசை. மூணாவது, படிப்புல தேதி காலியா இருக்கும், முதல் வேலையோட தேதி படிப்புக் காலத்துலயே விழும். இடைவெளியோ பதவி இறக்கமோ நிஜ வாழ்க்கையிலயும் நடக்கிறதுதான், அதை மட்டும் வச்சு தப்புன்னு முடிவு கட்டாதீங்க, ஒரிஜினலைத் திறக்குறதுக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான். ரெண்டு மூணு துப்பு சேந்து வந்தா கண்டிப்பா திறந்துருங்க. லிஸ்ட்ல இந்த மூணையும் ஓட்டமா பாத்துக்கிட்டே போனா எல்லா ஃபீல்டையும் பாக்க வேண்டிய அவசியம் இல்ல.

ஒரிஜினலைத் திறந்ததும் கண்ணால மட்டும் பாத்து நிறுத்தாம, பக்கம் முழுக்க செலக்ட் பண்ணி காப்பி பண்ணி சாதா டெக்ஸ்ட் எடிட்டர்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தேதியெல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு வந்தா ரெண்டு காலம் இருக்கிறதுதான் பிரச்சனை. பேஸ்ட் பண்ணா ஒண்ணுமே வரலையா, அது ஸ்கேன் பண்ண படம், ப்ரொஃபைல்ல இருக்கிறது படத்துலேர்ந்து எழுத்தை அடையாளம் கண்டு எடுத்தது, அப்போ 1, 7, 0, 8 மாதிரி இலக்கத்தையும் ஒவ்வொண்ணா பாக்கணும். கமாண்ட் அடிச்சுப் பழக்கம் இருக்கிறவங்க இதை ஓட்டலாம்:

```
pdftotext resume.pdf -
pdftotext -layout resume.pdf -
```

முதல் வரி படிக்கிற வரிசைன்னு அது நினைக்கிறபடி எடுக்கும், ரெண்டாவது வரி பக்கத்துல இருக்கிற இடத்தை முடிஞ்ச அளவு அப்படியே காப்பாத்தும். ரெண்டாவதுல ஜோடி சரியா இருந்து முதல்ல கலைஞ்சிருந்தா காரணம் கையில கிடைச்ச மாதிரி. உங்க சிஸ்டத்துல இருக்கிற பார்சர் இதேதான் பண்ணுதுன்னு சொல்ல முடியாது, ஆனா நல்ல அறிகுறி.

திருத்துறதுக்கு வருவோம். வேலை ஒவ்வொண்ணா தேதியை மாத்துங்க, இப்போதைய வேலைலேர்ந்து ஆரம்பிச்சு. "இன்று வரை"ங்கிறதுக்கு முடிவுத் தேதியில இன்னைக்குத் தேதியைப் போடாதீங்க, போட்டா அடுத்த மாசமே அவரு வேலையை விட்ட ஆளா தெரிவாரு. "தற்போதைய வேலை"ன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதை அக்கவுண்டன்ட் வேலைலேர்ந்து எடுத்துட்டு சீனியர் வேலைக்குப் போடுங்க, இதை மறந்தா ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஓடுற மாதிரி நிக்கும். ரெஸ்யூம்ல வருஷம் மட்டும் இருந்தா மாசத்தை நீங்களா போடாதீங்க. மாசம் இல்லாம சேவ் ஆகமாட்டேன்னு சிஸ்டம் அடம் பிடிச்சா உங்க டீம் எல்லாரும் ஒரே மாதிரி ஜனவரின்னு வச்சுக்கிட்டு, நோட்ல "மாசம் ரெஸ்யூம்ல இல்ல"ன்னு எழுதிருங்க. 03/04/2021 மாதிரி தேதி வந்தா அது மார்ச்சா ஏப்ரலான்னு அதே ரெஸ்யூம்ல வேற தேதியைப் பாத்துதான் முடிவு பண்ணணும், எங்கயாவது 25/06ன்னு இருந்தா நாள்தான் முதல்ல, சந்தேகம் தீந்துச்சு.

தேதியை சேவ் பண்ணதும் மொத்த அனுபவம், இப்போதைய பதவி ரெண்டும் தானா மாறுதான்னு பாருங்க. மாறலைன்னா அந்த ஃபீல்டு பார்ஸ் ஆன நேரத்துல ஒரு தடவை எழுதி வச்சது, அதைத் தனியா கையால மாத்தணும். இன்னொண்ணு, இதெல்லாம் திருத்தின பிறகு யாராவது மறுபடி பார்ஸ் பண்ற பட்டனை அழுத்தினா பல சிஸ்டம்ல நீங்க திருத்தினது மேலயே பழைய தப்பு வந்து உக்காந்துரும். ஆளே புது ரெஸ்யூம் அனுப்பினாலும் இதேதான். அதனால எந்த ஃபீல்டை எதுலேர்ந்து எதுவா மாத்தினீங்கன்னு நோட்ல ஒரு வரி போட்டு வைங்க, ஒரிஜினல் ஃபைலைத் தொடவே தொடாதீங்க.

வேலை அனுபவத்துக்கு அடுத்து எனக்கு பயமா இருக்கிற ஒரே ஃபீல்டு ஈமெயில்தான். வேர்டு ஃபைல்ல சில பேரு போன், ஈமெயிலை பக்கத்தோட ஹெட்டர்ல வைப்பாங்க, ஃபைலுக்குள்ள ஹெட்டர் தனி இடத்துல இருக்கிறதால சில பார்சர் அதைப் படிக்கிறதே இல்ல. அப்புறம் கடைசியில ரெஃபரன்ஸ்னு கொடுத்திருக்கிறவரோட ஈமெயிலை எடுத்து இவரோடதுன்னு போட்டுரும். இன்டர்வியூ அழைப்பு வேற யாருக்கோ போறது ஒரு பக்கம். பல சிஸ்டம் ஒரே ஈமெயில் இருந்தா ஒரே ஆளுன்னு முடிவு பண்ணி ரெண்டு ப்ரொஃபைலையும் சேத்துரும், அந்த ரெஃபரன்ஸ் ஆளும் எப்பவோ உங்ககிட்ட அப்ளை பண்ணியிருந்தா ரெண்டு பேரோட வேலை வரலாறும் ஒண்ணா கலந்துரும், பிரிக்கிறது பெரிய தலைவலி. ஒரே ப்ரொஃபைல்ல சம்பந்தமே இல்லாத ரெண்டு துறை வேலை தேதி மேல தேதி விழுற மாதிரி இருந்தா இதை நினைச்சுக்கோங்க, அப்போ தேதியைத் திருத்த உக்காராதீங்க, முதல்ல ப்ரொஃபைலைப் பிரிக்கச் சொல்லுங்க.

ஸ்கில் லிஸ்ட்ல தேவையில்லாத நாலு வார்த்தை ஒட்டியிருந்தா நான் பெருசா கண்டுக்கமாட்டேன், நீங்க தேடுற ஸ்கில் விட்டுப்போயிருக்கான்னு மட்டும் பாத்தா போதும்.

கடைசியா, ரெஸ்யூம்லயே தேதி தப்பா இருக்கிற கேஸும் வரும், 2018 மார்ச்ல ஆரம்பிச்சு 2017 மே மாசம் முடிஞ்சதுன்னு ஆளே டைப் பண்ணியிருப்பாரு. அது பார்சர் தப்பு இல்ல, பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் பார்சர் எடுத்திருக்கு, "இது 2019ஆ இருக்கும்"னு நீங்க யூகிச்சு மாத்தினா அப்புறம் பேக்ரவுண்ட் செக் பண்றப்போ ரெஸ்யூமும் ப்ரொஃபைலும் ஒத்துப்போகாம அந்த ஆளுதான் பதில் சொல்லணும். அவருக்கே ஒரு மெயில் போட்டு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் ப்ரொஃபைல்ல இருக்கிறதை அப்படியே விட்டு நோட்ல "விண்ணப்பதாரர்கிட்ட கேட்டிருக்கு"ன்னு போட்டு வைங்க.