இடி இடித்தால் இழுப்பு வருவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஊர் தேவிபட்டினம் பக்கம். வருஷம் முழுக்கத் தும்மல், எப்போதாவது இழுப்பு. போன வாரம் சாயங்காலம் மேகம் கறுத்ததும் காயப்போட்ட கருவாட்டை அள்ள ஓடினான். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிவிட்டது, பிறகுதான் மழை. மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், சரியானது. நடுராத்திரி மறுபடி வந்து, விடியும்போது தானாக அடங்கியது. இடியில் ஆஸ்துமா வந்து ஆள் செத்ததாக செல்போனில் வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. மின்னல் மூச்சைப் பாதிக்குமா? மழையில் நனைந்ததாலா? இன்ஹேலர் பழகினால் விடமுடியாது என்கிறார்களே?

பதில்: மின்னல் ஒன்றும் செய்யவில்லை. நனைந்ததும் காரணமில்லை, மழை விழும் முன்பே அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது, கவனித்தீர்களா? இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை, விடுங்கள்.

அந்த வீடியோ சொல்வது 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அங்கே குற்றவாளி ரை புல்லின் மகரந்தம். அது ராமநாதபுரத்தில் இல்லை. ஆனால் சீமைக் கருவேலம் இருக்கிறது, அறுகம்புல் இருக்கிறது, பூஞ்சை வித்துகள் இருக்கின்றன. மூன்றுமே அலர்ஜி உண்டாக்கக்கூடியவை.

சாதாரண நாளில் புல்லின் மகரந்தத் துகள் மூக்கிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குள் போக முடியாத அளவுக்குப் பெரியது. அதனால்தான் தும்மலோடு போகிறது. இடிமேகம் திரளும்போது துகள்கள் மேலே இழுக்கப்பட்டு, ஈரத்தில் ஊறி வெடிக்கின்றன. உள்ளே இருந்த பொடி மிக நுண்ணியது. மூச்சுக்குழாயின் கடைசிவரை போகும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று அந்தப் பொடியை நம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து கொட்டுகிறது. புழுக்கம் சட்டென்று விலகி, "அப்பாடா" என்று எல்லாரும் வாசலுக்கு வருவோமே, அந்தக் காற்றுதான். உங்கள் மகன் சரியாக அந்த நேரத்தில் வெட்டவெளியில் ஓடியிருக்கிறான். மெல்போர்னில் திணறியவர்களில் நிறையப் பேர் அதுவரை ஆஸ்துமா என்றே சொல்லப்படாத, தும்மல்காரர்கள்.

சரி, நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. "நடுராத்திரி மறுபடி வந்தது" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். மருந்து கொடுத்து அடங்கிய இழுப்பு நாலு மணி நேரத்துக்குள் திரும்பினால், மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிவிட்டது என்று அர்த்தம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அதே இரவில் ஆஸ்பத்திரி போக வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினால் உடனே 108. விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் திணறுகிறான் என்றால் அது அடங்கியதல்ல, காற்றே போகவில்லை.

செட் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். பெயர் தெரியாத நாலு மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள், பல சமயம் அதில் ஸ்டீராய்டும் இருக்கும். இன்ஹேலருக்குப் பயந்து, அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டைப் பிள்ளையை விழுங்க வைக்கிறீர்கள்! மாத்திரை வேலை செய்ய நேரம் பிடிக்கும், சால்பியூட்டமால் இன்ஹேலர் சில நிமிடத்தில் குழாயை விரிக்கும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து ஒரு முறை அடித்து, நாலு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொன்றாக நாலு முறை. நாலு நிமிடம் பாருங்கள். தேறவில்லையென்றால் அதையே திரும்பச் செய்துகொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள். கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அது மருந்தின் வேலை, பயப்படாதீர்கள்.

ஆனால் இது அவசரத்துக்கு மட்டும். வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலர். அதன் முழுப் பலன் தெரிய வாரக்கணக்காகும். ஐப்பசியில் இடி கேட்ட பிறகு தேடினால் பிரயோசனமில்லை. ஆவணியிலேயே டாக்டரைப் பார்த்து அளவு முடிவு செய்து ஆரம்பித்துவிடுங்கள். நன்றாக இருக்கிறான் என்று நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மேகம் திரண்டால் கருவாட்டை வேறு யாராவது அள்ளட்டும். காற்று வீசும் முன் அவன் உள்ளே போய் ஜன்னலை மூடிக்கொள்ளட்டும். ஓட்டு வீடாக இருந்தால் காற்று முழுசாக நிற்காது, அதனால் காற்று அதிகம் புகாத அறையில் இருக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் அவன் பையிலேயே இருக்க வேண்டும், பீரோவில் அல்ல. வண்டிப் பெட்டியின் வெயிலிலும் வைக்காதீர்கள்.

இந்த வாரமே அவனை அழைத்துப் போங்கள். அந்த இரவு எத்தனை மணிக்கு மறுபடி வந்தது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.